"கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்துவிட்டு என்ன எழுதுவது? சேவை முடக்க அறிக்கையைத் திருத்தும் முறை

சர்வர் விழுந்து, மீண்டும் எழுந்து, எல்லாரும் மூச்சுவிட்ட பிறகு ஒரு வேலை மீதம் இருக்கும். நடந்ததை எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் பல அணிகளில் இது வந்து சேர்கிறது. "அன்னைக்கு நீங்கதானே ஆன்-கால்ல இருந்தீங்க, ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதிடுங்க" என்பார்கள். கூடவே, "பிளேம்லெஸ்ஸா எழுதுங்க, யார் மேலயும் பழி வரக் கூடாது" என்றும் சொல்வார்கள்.

அதைக் கேட்டுவிட்டுப் பலர் செய்வது இதுதான்: பெயர்களை எடுத்துவிடுவார்கள், "அழித்தார்" என்பதை "அழிக்கப்பட்டது" என்று மாற்றுவார்கள், கடுமையான சொற்களை மென்மையாக்குவார்கள். பழி போய்விடும். அதோடு சேர்ந்து காரணமும் போய்விடும். ஆறு மாதம் கழித்து அதே சர்வர் அதே வழியில் விழும்போது, அந்த அறிக்கையைத் திறந்து பார்த்தால் அதில் பயன்படுகிற ஒரு வரியும் இருக்காது.

பழி இல்லாமல், ஆனால் காரணத்தையும் தீர்வையும் பெயர் சொல்லி எழுத ஒரு முறை இருக்கிறது. ஓர் உண்மை நிகழ்வை எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி அதைச் செய்து பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் நிகழ்வு

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்து நிர்வகிக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தின் இணையச் சேவை நின்றுபோனது. டேட்டாபேஸுக்கு இரண்டு சர்வர்கள் இருந்தன. முதன்மையானது db1, அதன் நகல் db2. அன்று மாலை டேட்டாபேஸின் மீது சுமை ஏறியது. நகல் பின்தங்கி, ஒரு கட்டத்தில் முழுவதுமாக நின்றுவிட்டது. அதற்குத் தேவையான மாற்றப் பதிவுகளை முதன்மை சர்வர் ஏற்கெனவே நீக்கியிருந்ததால், db2-வில் இருப்பதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து நகல் எடுக்க வேண்டியதாயிற்று. அதைச் செய்துகொண்டிருந்த பொறியாளர், யுடிசி நேரப்படி இரவு 11 மணிக்குப் பிறகு, db2-வில் ஓட்ட நினைத்த நீக்கும் கட்டளையை db1-இல் ஓட்டினார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது.

பேக்கப்பிலிருந்து மீட்கப் போனபோது பேக்கப் இல்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த ஒரு டிஸ்க் ஸ்னாப்ஷாட் மட்டும் கைகொடுத்தது. மறுநாள் மாலை 6 மணி வாக்கில்தான் சேவை திரும்பியது. சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன என்று நிறுவனம் மதிப்பிட்டது. கோடு சேமிப்பகங்கள் டேட்டாபேஸில் இல்லாததால் அவை தப்பின.

மீட்பு நடக்கும்போதே கிட்லேப் தன் குறிப்புகளை எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்தது. பிப்ரவரி 10 அன்று விரிவான அறிக்கையும் வெளியிட்டது. அந்த அறிக்கை நன்றாகவே எழுதப்பட்டது. பயிற்சிக்காக, அதே நிகழ்வைக் கோபத்தில் இருக்கும் ஓர் அணி எப்படி எழுதியிருக்கும் என்று நானே ஒரு மோசமான வரைவு எழுதியிருக்கிறேன்:

> ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் கவனக்குறைவாகத் தவறான சர்வரில் கட்டளையை ஓட்டி, முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று அவர் சரிபார்த்திருக்க வேண்டும். பேக்கப்பும் வேலை செய்யாமல் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. மூல காரணம்: மனிதத் தவறு. தீர்வு: இனி அனைவரும் கூடுதல் கவனத்துடன் செயல்பட அறிவுறுத்தப்பட்டுள்ளது.

இதையே "மென்மையாக" திருத்தச் சொன்னால் இப்படி வரும்:

> ஜனவரி 31 இரவு பராமரிப்புப் பணியின்போது டேட்டாபேஸ் எதிர்பாராத விதமாக நீக்கப்பட்டது. சில தொழில்நுட்பச் சிக்கல்களால் பேக்கப்பைப் பயன்படுத்த இயலவில்லை. தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது இன்னும் மோசம் என்பது என் கருத்து. முதலாவதில் தவறான சர்வர் என்ற செய்தியாவது இருந்தது. தமிழில் "-ப்பட்டது" என்ற முடிவு ரொம்ப வசதியான ஒளிவிடம். யார், எதை, எங்கே என்ற மூன்றையும் ஒரே வினை விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதைதான். ஆகவே பழியை நீக்கும் வேலையைச் செயப்பாட்டு வினையிடம் ஒப்படைக்காதீர்கள்.

முதலில் ஒரு பேனாவை எடுங்கள்

வரைவை அச்செடுத்துக்கொண்டாலும் சரி, திரையிலேயே வண்ணம் பூசினாலும் சரி, மூன்று வகைச் சொற்களைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். இப்போதே திருத்த வேண்டாம்.

முதல் வகை தீர்ப்புச் சொற்கள்: கவனக்குறைவாக, அலட்சியமாக, அவசரப்பட்டு, சரியாக, முறையாக. "சரியாக எடுக்கவில்லை" என்று படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அது ஒரு தீர்ப்பு. எது சரி, எது நடந்தது என்ற இரண்டையும் அது சொல்வதில்லை.

இரண்டாவது வகை நடக்காததைப் பற்றிய வாக்கியங்கள்: சரிபார்த்திருக்க வேண்டும், கேட்டிருக்கலாம், பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம், கவனிக்கவில்லை. அறிக்கை நடந்ததைப் பற்றியது. "-இருக்க வேண்டும்" என்று முடியும் வாக்கியம் அன்றிரவு எங்குமே நடக்காத ஒன்றை விவரிக்கிறது. முடிவு தெரிந்தவர் பின்னாலிருந்து எழுதும் வாக்கியம் அது. கட்டளையைத் தட்டியவருக்கு முடிவு தெரியாது.

மூன்றாவது வகை, மனத்துக்குள் புகுந்து எழுதுபவை: தெரிந்தும், நினைத்துக்கொண்டு, பொருட்படுத்தாமல். சம்பந்தப்பட்டவரே சொன்னார் என்றால் அதை அவர் சொன்னதாக எழுதலாம். இல்லையென்றால் அது ஊகம்.

நம் மோசமான வரைவில் "கவனக்குறைவாக", "சரிபார்த்திருக்க வேண்டும்", "யாரும் கவனிக்கவில்லை", "மனிதத் தவறு", "கூடுதல் கவனத்துடன்" என்று ஐந்து கோடுகள் விழுந்துவிட்டன. ஐந்து வாக்கியத்துக்கு ஐந்து கோடு. இந்த ஐந்தையும் வெறுமனே நீக்கிவிட்டால் வெற்றிடம்தான் மிஞ்சும். ஒவ்வொரு கோட்டையும் ஒரு கேள்வியாக மாற்றுவதுதான் அடுத்த வேலை.

"கவனக்குறைவு" என்ற இடத்தில்: அவர் திரையில் என்ன இருந்தது?

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். மனிதர்கள் அப்படித்தான். "அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது? அதைப் பார்த்து என்ன நடக்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள்? அடுத்து என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் செய்தியாக வரும். கிட்லேப் நிகழ்வில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், முழுக் கதையையும் மாற்றிவிடுகிறது.

db2-வில் புதிய நகலை உருவாக்க pg_basebackup என்ற கருவியை ஓட்ட வேண்டும். முதல் முயற்சியில், முதன்மை சர்வர் ஏற்கும் நகல் இணைப்புகளின் எண்ணிக்கை போதவில்லை என்று அது மறுத்தது. பொறியாளர் அந்த வரம்பை உயர்த்தி db1-ஐ மறுதொடக்கம் செய்யப் போனார். அது எழவே மறுத்தது, ஏனென்றால் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் வரம்பான max_connections 8000 என்று மிக அதிகமாக இருந்தது. அதை 2000 ஆகக் குறைத்த பிறகு எழுந்தது. திரும்பவும் pg_basebackup. இந்த முறை பிழை எதுவும் இல்லை. வேறு எதுவும் இல்லை. திரையில் ஒரு வரிகூட வராமல் அது அப்படியே நின்றது.

உண்மையில் அது பழுதாகி நிற்கவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும் வரை அந்தக் கருவி பேசாமல் காத்திருக்கும், அது அதன் இயல்பு. ஆனால் அணியின் வழிமுறைக் குறிப்பேடான ரன்புக்கில் அது எழுதப்படவில்லை. இன்னொரு பொறியாளர் இதற்கு முன் இதைப் பார்த்திருக்கிறார், அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஆகவே திரையின் முன் இருந்தவர், முந்தைய முயற்சிகள் விட்டுச்சென்ற டைரக்டரிதான் தடை என்று எடுத்துக்கொண்டார். அதை நீக்கிவிட்டு மறுபடி முயலலாம் என்று முடிவு செய்தார். நகலில் இருக்கும் டைரக்டரியை நீக்குவது அந்த வேலையின் வழக்கமான படிதான். விபரீதமான முடிவே இல்லை.

அப்போது அவர் முன் இரண்டு சர்வர்களின் பெயர்கள்: db1.cluster.gitlab.com, db2.cluster.gitlab.com. வேறுபாடு ஓர் எண். அவர் அன்றைக்கு வேலையை முடித்துக்கொண்டு கிளம்பவிருந்தவர். கிளம்ப நினைத்தபோதே அவர் இருந்த ஊரில் இரவு 11 மணி வாக்கு. நகல் பிரச்சினை வந்ததால் தங்கினார். இத்தனையும் அவர்களின் திறந்த குறிப்புகளில் இருந்தன.

இப்போது "கவனக்குறைவாக" என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக எழுதுவதற்கு நம்மிடம் ஒரு பத்தி இருக்கிறது:

> pg_basebackup எந்தச் செய்தியும் காட்டாமல் நின்றது. முதன்மை சர்வர் தரவு அனுப்பும் வரை அது அமைதியாகக் காத்திருக்கும் என்பது ரன்புக்கில் இல்லை. பழைய டைரக்டரி தடையாக இருப்பதாகப் பொறியாளர் 1 கருதினார். அதை db2-வில் நீக்க எண்ணிய அவர், கட்டளையை db1-இல் ஓட்டினார். இரு சர்வர்களின் பெயரிலும் ஓர் எழுத்து மட்டுமே வேறு. டெர்மினல் ப்ராம்ப்ட்டில் முதன்மை, நகல் என்ற வேறுபாடு தெளிவாகத் தெரியும்படி இல்லை. ஓரிரு நொடிகளில் அவர் கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி நீங்கியிருந்தது.

கவனியுங்கள், "கட்டளையை db1-இல் ஓட்டினார்" என்பது அப்படியே இருக்கிறது. செய்தவர் இருக்கிறார், செய்தது இருக்கிறது, வினை செய்வினைதான். பெயர் மட்டும் "பொறியாளர் 1" என்று ஆகியிருக்கிறது. கிட்லேப்பும் இப்படித்தான் எண்ணிட்டுக் குறிப்பிட்டது. பெயரை எடுப்பதால் மட்டும் பழி போகாது, அணியில் எல்லாருக்கும் அது யாரென்று தெரியும். பழியைப் போக்குவது, அவர் செய்ததற்கு முன்னும் பின்னும் நிற்கும் வாக்கியங்கள். அவற்றைப் படித்த ஒருவருக்கு "அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்" என்று தோன்ற வேண்டும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. அதே நாற்காலியில், அதே இரவில், அதே திரையோடு, அணியின் இன்னொரு நல்ல பொறியாளரை உட்காரவைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய வாக்கியம் அவருக்கும் பொருந்துகிறதா? "கவனக்குறைவாக" பொருந்தாது, அது ஓர் ஆளைப் பற்றியது. "ப்ராம்ப்ட்டில் வேறுபாடு தெளிவாக இல்லை" என்பது யார் உட்கார்ந்தாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துவதுதான் காரணம், அதைத்தான் சரிசெய்ய முடியும்.

ஒரு பக்கக் குறிப்பு. முதல் முடக்கத்தில் சிக்கிய புதியவர்கள் தாங்களே எழுதும்போது "மன்னிக்கவும், முழுக்க என் தவறு" என்று எழுதிவிடுகிறார்கள். மனசு கனத்துப்போய் எழுதுவது, புரிகிறது. ஆனாலும் அதையும் நீக்க வேண்டும். தன்னைத்தானே பழித்துக்கொண்டாலும் விசாரணை அதோடு நின்றுவிடுகிறது. "நான்தான் காரணம்" என்று ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகு பேக்கப்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

"யாரும் கவனிக்கவில்லை" என்ற இடத்தில்: செய்தி எங்கே போனது?

இந்த வாக்கியம் பழி சுமத்தாததுபோலத் தோன்றும், ஏனென்றால் இதில் ஆள் இல்லை. ஆனால் இது ஒட்டுமொத்த அணியையும் ஒரே சொல்லில் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. ஒரு செய்தி வந்தது, எல்லாரும் அலட்சியமாக இருந்தார்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் நடந்தது வேறு. செய்தியே வரவில்லை.

இங்கே கேட்க வேண்டியது: பேக்கப் தோற்றபோது அதைச் சொல்வதற்கு என்ன ஏற்பாடு இருந்தது? அந்தச் செய்தியை அது புறப்பட்ட இடத்திலிருந்து கையால் தொட்டுத் தொட்டுப் பின்தொடருங்கள்.

பேக்கப் pg_dump என்ற கருவியால் நாள்தோறும் எடுக்கப்பட்டு அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் ஏற வேண்டும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில். எந்தப் பதிப்பின் pg_dump வேண்டும் என்பதை, டேட்டாபேஸ் டைரக்டரியில் இருக்கும் ஒரு கோப்பைப் பார்த்து மென்பொருள் தேர்ந்தெடுக்கும். பேக்கப் வேலை ஓடியதோ வேறொரு சர்வரில். அங்கே டேட்டாபேஸ் இல்லை, ஆகவே அந்தக் கோப்பும் இல்லை. கோப்பு இல்லாவிட்டால் இயல்பாக 9.2 பதிப்பைத் தேர்ந்தெடுப்பது அதன் வழக்கம். 9.2 கருவி 9.6 டேட்டாபேஸைப் பார்த்ததும் பிழை காட்டி நின்றுவிட்டது.

சரி, பிழை வந்ததே, சொல்ல வேண்டாமா? சொன்னது. பேக்கப்பைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வேலை தோற்றால் மின்னஞ்சல் போகும்படி அமைத்திருந்தார்கள். ஆனால் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல்களுக்கு, போலி மடல்களைத் தடுக்கும் டிமார்க் சரிபார்ப்பு இருந்தது. கிரான் அனுப்பிய மடல்களில் அதற்குரிய கையொப்பம் இல்லை. எனவே பெறும் பக்கம் அவற்றை நிராகரித்தது. பேக்கப் தோற்றது, தோற்றதைச் சொல்ல மடல் கிளம்பியது, மடல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

> நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய pg_dump பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 பதிப்புக் கருவி ஓடியதே காரணம். பேக்கப் ஓடும் சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரி இல்லாதபோது மென்பொருள் 9.2-ஐத் தேர்ந்தெடுக்கிறது. தோல்வியைத் தெரிவித்த கிரான் மடல்களில் டிமார்க் கையொப்பம் இல்லாததால் அவை நிராகரிக்கப்பட்டன. தோல்வியைத் தெரிவிக்க வேறு வழி எதுவும் அமைக்கப்படவில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கும் சோதனை வழக்கமாக நடக்கவில்லை, அந்தப் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். இங்கே செயப்பாட்டு வினை வந்திருக்கிறது. இங்கே அது பொருத்தம்தான். அந்த வரி யாரையும் ஒளிக்கவில்லை, ஆள் இல்லை என்பதுதான் செய்தியே. கிட்லேப்பின் அறிக்கையும் "ஏன், ஏன்" என்று கேட்டுக்கொண்டே போய் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது: பேக்கப்பைச் சோதித்துப் பார்ப்பதற்கு உரிமையாளர் இல்லை.

எழுதுவதற்கு மிகவும் கடினமான வரி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பொறியாளரைக் குறை சொல்வது எளிது. "இந்தப் பொறுப்பை நம் நிறுவனம் யாருக்கும் கொடுக்கவில்லை" என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் நெளிவார்கள். இந்த வரியை நீக்கச் சொல்லி அழுத்தம் வரும். பிடித்து நில்லுங்கள். அதே சமயம் "இன்ஃப்ரா மேனேஜர் பொறுப்பு ஒதுக்கத் தவறினார்" என்று எழுதிவிடாதீர்கள். பழியைக் கீழிருந்து மேலே ஏற்றினாலும் அது பழிதான். அடுத்த அணிமீதோ, வெளியிலிருந்து மென்பொருள் தந்த நிறுவனத்தின்மீதோ தள்ளினாலும் அதே.

"மூல காரணம்: மனிதத் தவறு" என்ற இடத்தில்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒருமையில் "மூல காரணம்" என்று எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள் போடுங்கள். எது தொடங்கிவைத்தது? எது சேதத்தைப் பெரிதாக்கியது? எது மீட்பை இழுத்தடித்தது?

தொடங்கிவைத்தவை: அமைதியாகக் காத்திருக்கும் கருவி, அதைப் பற்றிச் சொல்லாத ரன்புக், பிரித்தறிய முடியாத ப்ராம்ப்ட். பெரிதாக்கியவை: தோற்ற பேக்கப், சென்று சேராத மடல், மற்ற பேக்கப்கள் போதும் என்று கருதி டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்காமல் விட்டிருந்த, மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் கிளவுட் தரும் டிஸ்க் ஸ்னாப்ஷாட். இழுத்தடித்தது: கைகொடுத்த ஸ்னாப்ஷாட் இருந்தது சோதனைச் சூழலின் மெதுவான டிஸ்க்கில். நொடிக்கு சுமார் 60 மெகாபிட் வேகத்தில் நகலெடுக்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது.

நீக்கும் கட்டளை இந்தப் பட்டியலில் ஒரு நிகழ்வு. பேக்கப் ஒழுங்காக இருந்திருந்தால் அது சிறு தொல்லையோடு போயிருக்கும் என்று எழுதத் தோன்றும். அதுவும் "-இருந்திருந்தால்" வகைதான், அறிக்கையில் வேண்டாம். பட்டியலே அதைச் சொல்லிவிடும்.

தீர்வுகள்: இங்கே ஆள் பெயர் வர வேண்டும்

"கூடுதல் கவனம்" தீர்வாகாது. அதைச் செய்து முடித்தாயிற்றா என்று யாராலும் சொல்ல முடியாது. "பயிற்சி அளிக்கப்படும்", "விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்" ஆகியவையும் அப்படியே. ஒரு தீர்வை எழுதினால், மேலே எழுதிய எந்தக் காரணத்தை அது அடைக்கிறது என்று கோடு போட்டு இணைக்க முடிய வேண்டும். இணையாத தீர்வை நீக்குங்கள். தீர்வு இல்லாத காரணம் இருந்தால், "இதை இப்போது சரிசெய்யப் போவதில்லை" என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்படி எழுதுவதில் தவறில்லை.

நல்ல தீர்வு எப்படி ஒலிக்கும் என்பதற்கு அதே ஆண்டின் இன்னொரு நிகழ்வைச் சொல்லலாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை முடங்கியது. எழுதி வைத்த வழிமுறைப்படி சில சர்வர்களை எடுக்க ஒருவர் கட்டளை கொடுத்தார், அதில் ஓர் உள்ளீடு தவறாக விழுந்து, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் வெளியேறின. அமேசான் தன் விளக்கத்தில் தட்டியவருக்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொல்லவில்லை. கருவியை மாற்றியதாகச் சொன்னது: இனி அது சர்வர்களை மெதுவாக எடுக்கும், எந்த அமைப்பும் குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போகும் நிலை வந்தால் எடுக்க மறுக்கும். மறுநாள் அதே தவறான எண்ணை இன்னொருவர் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. தவறு நடக்காது என்று அந்தத் தீர்வு எதிர்பார்க்கவே இல்லை, அதுதான் அதன் வலிமை.

நம் நிகழ்வுக்கு வருவோம். ப்ராம்ப்ட்டைச் சரிசெய்வதை கிட்லேப்பும் தன் தீர்வுகளில் சேர்த்திருந்தது. செய்வது எளிது. உதாரணமாக, முதன்மை சர்வரில் மட்டும் சிவப்புப் பின்னணியில் எழுத்துகள் வரும்படி இப்படி வைக்கலாம்:

```
PS1='\[\e[41m\][PRIMARY \h]\[\e[0m\] \w \$ '
```

இது நல்லதுதான், ஆனால் பலவீனமான தீர்வு என்பதையும் தெரிந்துவையுங்கள். சிவப்பைத் தினமும் பார்த்தால் கண் பழகிவிடும். கண்ணை நம்பும் தீர்வு, மனிதர் எதுவும் செய்யாமலே தானாக ஓடும் தீர்வைவிட எப்போதும் ஒரு படி கீழே. அதனால் பேக்கப் பக்கத்துத் தீர்வுகளுக்கு முதலிடம் கொடுப்பேன். ஒரு தீர்வை முழுசாக எழுதினால் இப்படி இருக்கும்:

> பேக்கப் கோப்பை நாள்தோறும் ஒரு தனி சர்வரில் தானாக மீட்டெடுத்து, முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வேலையை அமைத்தல். 24 மணி நேரத்துக்குள் வெற்றிகரமான மீட்பு இல்லையென்றால் ஆன்-காலில் இருப்பவரின் தொலைபேசிக்கு அலெர்ட் போகும். அடைக்கும் காரணம்: பேக்கப் தோல்வி தெரியவரவில்லை, மீட்புச் சோதனை நடக்கவில்லை. பொறுப்பாளர்: (பெயர்). முடியும் நாள்: (தேதி). முடிந்ததா என்று அறிய: ஒரு பழுதான பேக்கப்பை வேண்டுமென்றே வைத்து, அலெர்ட் வருகிறதா என்று பார்த்தல்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் உண்மையான பெயரை எழுதுங்கள். "டிபிஏ டீம்" என்று போட்டால் மீண்டும் உரிமையாளர் இல்லாத நிலைதான். நடந்ததைச் சொல்லும் பகுதியில் "பொறியாளர் 1", செய்யப்போவதைச் சொல்லும் பகுதியில் முழுப் பெயர். புதியவர்கள் இதை அடிக்கடி தலைகீழாகச் செய்கிறார்கள்: நடந்ததில் பெயர், தீர்வில் "அணி". இன்னொன்று, பொறியாளர் 1-ஐயே எல்லாத் தீர்வுகளுக்கும் பொறுப்பாக்காதீர்கள். அது தண்டனையாகத்தான் படிக்கப்படும்.

அனுப்புவதற்கு முன்

முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் கொடுங்கள். "இதில் நடந்தது சரியாக வந்திருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் படித்துவிட்டு "இல்லைங்க, நான் அப்போ அந்த ஜன்னலையே பார்க்கல" என்று ஒரு விவரம் சொன்னால் உங்கள் கேள்வி வேலை செய்திருக்கிறது. வாயே திறக்காமல் "ஓகே" என்றால் இன்னும் எங்கோ ஒரு தீர்ப்புச் சொல் ஒளிந்திருக்கலாம். திரும்ப ஒருமுறை பேனாவோடு போய்ப் பாருங்கள்.

அப்புறம், அந்த இரவு அங்கே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் இரண்டு கேள்விகளுக்கு அறிக்கையிலிருந்தே பதில் சொல்ல வேண்டும்: எது எதனால் உடைந்தது? எதை யார் எப்போது மாற்றப் போகிறார்? முதல் கேள்விக்கு "யாரோ தப்பா ஓட்டிட்டாங்க" என்று சொன்னால் இன்னும் பழி மிஞ்சியிருக்கிறது. "ஏதோ டெக்னிக்கல் இஷ்யூ" என்று சொன்னால் காரணத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் வேண்டுமென்றே தரவை அழித்தார் என்ற ஐயம் இருந்தால், அதை இந்த அறிக்கைக்குள் கொண்டுவராதீர்கள். அது மனிதவளத் துறையும் சட்ட ஆலோசகரும் பார்க்க வேண்டிய வேறு விசாரணை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், அடுத்த முடக்கத்தில் யாரும் உங்களிடம் உண்மை பேசமாட்டார்கள். அப்படி ஒரு நிகழ்விலும்கூட, ஒரே ஆளால் இவ்வளவு அழிக்க முடிந்தது எப்படி, பேக்கப் ஏன் கைகொடுக்கவில்லை என்ற பகுதியை இதே முறையில் தனியாக எழுதலாம்.

எல்லாம் முடிந்தபின் அறிக்கையின் முதல் பத்தி இப்படி நிற்கும்:

> 2017 ஜனவரி 31 இரவு, நின்றுபோன நகல் சர்வரை மீண்டும் அமைக்கும்போது, பொறியாளர் 1 db2-வில் ஓட்ட எண்ணிய நீக்கும் கட்டளையை முதன்மை சர்வரான db1-இல் ஓட்டினார். நகல் கருவி செய்தி காட்டாமல் காத்திருந்தது, அது இயல்பு என்று ரன்புக் சொல்லவில்லை, ப்ராம்ப்ட் இரு சர்வர்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. கருவிப் பதிப்பு பொருந்தாமல் நாள் பேக்கப் தோற்றிருந்தது, அதைத் தெரிவித்த மடல்கள் நிராகரிக்கப்பட்டன, மீட்புச் சோதனைக்கு உரிமையாளர் இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டோம். மெதுவான டிஸ்க்கால் நகலெடுக்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. காரணம் ஒவ்வொன்றுக்கும் உரிய தீர்வும் பொறுப்பாளரும் தேதியும் கீழே.

தேதிகளை அறிக்கையோடு விட்டுவிடாமல், உங்கள் அணியின் டிக்கெட் பட்டியலில் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, அந்த டிக்கெட் எண்களை அறிக்கையில் எழுதிய பிறகு அனுப்புங்கள்.